உணவு இறக்குமதித் தடையை எடைபோடுவது எப்படி? ஹார்மோன் மாட்டிறைச்சி வழக்கின் வழியே ஒரு வழிகாட்டி

ஒரு நாடு வெளிநாட்டு உணவுப் பொருளைத் தடை செய்கிறது. "எங்கள் மக்களின் உடல்நலத்துக்காக" என்கிறது. விற்கும் நாடோ "இது உங்கள் ஊர் வியாபாரிகளைக் காப்பாற்றும் தந்திரம்" என்கிறது. இரண்டு தரப்பும் அறிவியலைத்தான் சாட்சிக்கு அழைக்கின்றன. உலக வர்த்தக அமைப்பின் தீர்ப்புகளைப் படிக்கத் தொடங்கும் பலர் இந்த இடத்தில் ஒரு தவறான எதிர்பார்ப்போடு நுழைகிறார்கள். எந்த அறிவியல் சரி என்று நடுவர்கள் தீர்த்துவைப்பார்கள் என்று நினைக்கிறார்கள். நடுவர்கள் கேட்பது வேறு கேள்வி. அது என்ன கேள்வி, அதை வரிசையாக எப்படிக் கேட்டுப் பார்ப்பது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே வழக்கைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். மாடு வேகமாக வளர்ந்து எடை கூட வேண்டும் என்பதற்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் சில ஹார்மோன்களைக் கொடுப்பது வழக்கம். அப்படி வளர்த்த மாட்டின் இறைச்சியை இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய சமூகம் 1989 ஜனவரி முதல் உள்ளே விட மறுத்தது. தகராறில் சிக்கிய ஹார்மோன்கள் ஆறு. எஸ்ட்ராடியால், புரொஜெஸ்டிரோன், டெஸ்டோஸ்டிரோன் மூன்றும் உடலில் இயற்கையாகவே சுரப்பவை. டிரென்போலோன், ஜெரனால், எம்.ஜி.ஏ. மூன்றும் செயற்கை. வழக்கு இரண்டு முறை உலக வர்த்தக அமைப்பு இருக்கும் ஜெனீவாவுக்குப் போனது. முதல் முறை 1998-இல் ஐரோப்பா தோற்றது. இரண்டாம் முறை 2008-இல் நடுவர் குழு கொடுத்த முடிவுகளே மேல்முறையீட்டில் கவிழ்ந்தன. ஒரே தடை, ஏறக்குறைய அதே ஹார்மோன்கள். ஆனாலும் இரண்டு முறையும் முடிவு வேறுவிதமாகப் போனது ஏன் என்பது புரிந்தால் இந்தத் துறையின் பாதி கைக்கு வந்துவிடும்.

முதலில் பெயரைப் பிரித்தறியுங்கள்

"காப்பு நடவடிக்கை" என்ற சொல் வர்த்தகச் சட்டத்தில் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுகிறது. இதில்தான் புதியவர்கள் முதலில் இடறுகிறார்கள்.

ஒன்று, காப்பு நடவடிக்கைகள் ஒப்பந்தத்தின் கீழ் வருவது. இறக்குமதி திடீரென்று பெருகி உள்நாட்டுத் தொழிலுக்குக் கடும் சேதம் என்றால், தற்காலிகமாக வரியோ அளவுக் கட்டுப்பாடோ போடலாம். முதலில் நான்கு ஆண்டு வரை, நீட்டித்தால் மொத்தம் எட்டு ஆண்டு வரை. வளரும் நாடுகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு கூடுதல். 2018-இல் இறக்குமதியான சூரிய மின்கலங்கள் மீது இந்தியா 25 சதவீதத்தில் தொடங்கிப் போட்ட வரி இந்த வகை. இங்கே சாட்சியம் பொருளாதாரம் சார்ந்தது: இறக்குமதி எவ்வளவு கூடியது, தொழில் எவ்வளவு நலிந்தது, முதலாவதால்தான் இரண்டாவது நடந்ததா. பொருளில் குறை இருப்பதாக யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, ஐரோப்பியச் சட்டங்களில் வரும் "காப்பு நடவடிக்கை". ஐரோப்பிய அளவில் அனுமதி பெற்ற ஒரு பொருளை, உடல்நலத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ ஆபத்து என்று கருதினால், ஓர் உறுப்பு நாடு தன் எல்லைக்குள் தற்காலிகமாக நிறுத்திவைக்கலாம். மரபணு மாற்றப்பட்ட மக்காச்சோளத்தையும் எண்ணெய்க் கடுகையும் ஆஸ்திரியா, பிரான்ஸ், ஜெர்மனி, கிரீஸ், இத்தாலி, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் இப்படி நிறுத்தின. மொத்தம் ஒன்பது தடைகள். பெயர் காப்பு நடவடிக்கை என்றாலும், உலக வர்த்தக அமைப்பு 2006-இல் இவற்றை உரசிப் பார்த்த உரைகல் வேறு. அது எஸ்.பி.எஸ். ஒப்பந்தம், அதாவது உணவுப் பாதுகாப்பு, விலங்கு நலம், தாவர நலம் பற்றிய ஒப்பந்தம்.

ஆகவே அரசாணையின் தலைப்பைப் பார்க்காதீர்கள். எதைத் தடுப்பதற்காக அது போடப்பட்டது என்று பாருங்கள். உள்நாட்டுத் தொழிலுக்கு வரும் சேதத்தைத் தடுக்க என்றால் முதல் வழி. உணவில் உள்ள எச்சம், நச்சு, கிருமி, பூச்சி, நோய் இவற்றைத் தடுக்க என்றால் எஸ்.பி.எஸ். ஒப்பந்தத்துக்கு வந்துவிட்டீர்கள். இனி அறிவியல் சாட்சியம் கட்டாயம்.

அடுத்து, சர்வதேசத் தரம் இருக்கிறதா என்று பாருங்கள்

உணவுக்கு கோடெக்ஸ் ஆணையம், விலங்கு நோய்க்கு உலக விலங்கு நல அமைப்பு, தாவரங்களுக்கு சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கை. இந்த மூன்றின் தரங்களோடு தடை அப்படியே ஒத்துப்போனால், அது சட்டப்படி சரியென்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். ஒத்துப்போகவில்லை என்பதாலேயே ஒரு தடை தப்பாகிவிடாது. கூடுதல் பாதுகாப்பு வேண்டும் என்று ஒரு நாடு முடிவெடுக்கலாம். அதற்கான அறிவியல் மதிப்பீட்டைத் தானே காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஹார்மோன் விஷயத்தில் கோடெக்ஸ் 1995 ஜூலையில் ஐந்து ஹார்மோன்களுக்குத் தரம் வகுத்தது. இயற்கையான மூன்றுக்கும் எச்ச வரம்பே தேவையில்லை என்றது. டிரென்போலோனுக்கும் ஜெரனாலுக்கும் வரம்பு வைத்தது. எம்.ஜி.ஏ.வுக்கு எதுவும் இல்லை. அந்த முடிவு வாக்கெடுப்பில் வந்தது. ஆதரவு 33, எதிர்ப்பு 29, நடுநிலை 7. இவ்வளவு குறுகிய வித்தியாசத்தில் வந்த தரத்துக்கும் சட்டத்தில் முழு மதிப்பு உண்டு. இது எனக்கு இன்றும் உறுத்தும் ஒன்று. ஆனால் வழக்கைப் படிக்கும்போது அந்த உறுத்தலை ஒதுக்கிவைத்துவிட வேண்டும், ஏனென்றால் நடுவர்கள் வாக்கு எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை.

தரத்தைக் கையில் எடுத்தால் அதன் வரிகளை முழுதாகப் படியுங்கள். பறவைக் காய்ச்சல் கண்ட நாடுகளிலிருந்து கோழிப் பொருள்களை இந்தியா தடுத்த வழக்கில், விலங்கு நல அமைப்பின் விதிகளைத்தான் பின்பற்றினோம் என்று இந்தியா வாதிட்டது. அந்த விதிகளோ நோய் வந்த பகுதியைத் தனியே பிரித்து, மற்ற பகுதிகளிலிருந்து வாங்க வழிவிடுகின்றன. இந்தியாவின் தடை நாடு முழுவதற்குமாக இருந்தது. 2015-இல் அந்த வாதம் நிற்கவில்லை.

இடர் மதிப்பீட்டைத் தேடி எடுங்கள். அது எந்தக் கேள்விக்குப் பதில் என்று பாருங்கள்

ஒப்பந்தத்தின் 5.1 பிரிவு, தடை ஓர் இடர் மதிப்பீட்டின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்கிறது. மதிப்பீட்டை அந்த நாடே செய்திருக்க வேண்டும் என்றில்லை. வேறொரு நாடோ சர்வதேச அமைப்போ செய்ததையும் காட்டலாம். எண்ணில் சொல்ல வேண்டும் என்றும் இல்லை. உணவு எச்சங்களைப் பொறுத்தவரை, தீய விளைவுக்கு வாய்ப்பு உண்டா என்று ஆராய்ந்திருந்தால் போதும். பூச்சியும் நோயும் பரவும் விஷயத்தில் மட்டும், பரவ எவ்வளவு சாத்தியம் என்றும் மதிப்பிட வேண்டும். இந்த வேறுபாடு ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் இருக்கிறது. அந்த ஒரு பத்தியைப் படிக்காமல் தீர்ப்புக்குள் போகாதீர்கள்.

1998-இல் ஐரோப்பா கொடுத்த காகிதங்கள் ஏராளம். இவற்றில் முக்கியமானவை சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 1987 வெளியீடுகள், ஐரோப்பாவே அமைத்த அறிவியல் குழுவின் அறிக்கைகள், உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்தும் வல்லுநர் குழுவான ஜெக்ஃபாவின் அறிக்கைகள். மேல்முறையீட்டு அமைப்பு இவற்றைப் பிரித்துப் பார்த்த விதத்தைக் கவனியுங்கள்.

ஒரு பகுதி அறிக்கைகள், முறையான கால்நடை மருத்துவ நடைமுறைப்படி கொடுத்தால் இந்த ஹார்மோன்கள் பாதுகாப்பானவை என்றே சொல்லின. தடைக்கு ஆதாரமாகக் காட்டிய காகிதமே தடைக்கு எதிராகப் பேசியது. இன்னொரு பகுதி, புற்றுநோய் முகமையின் வெளியீடுகள், ஹார்மோன்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் தன்மை உண்டு என்றன. அது உண்மையான அறிவியல், மதிப்புள்ள அறிவியல். ஆனால் அவை ஹார்மோன்களைப் பொதுவாக ஆராய்ந்தவை. வளர்ச்சிக்காக ஹார்மோன் கொடுக்கப்பட்ட மாட்டின் இறைச்சியில் தங்கும் எச்சத்தை உண்பதால் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை அவை ஆராயவில்லை. தடையோ அந்த எச்சத்தைப் பற்றியது. கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. எம்.ஜி.ஏ.வுக்கோ மதிப்பீடே கிடையாது.

ஹார்மோனை அளவு மீறிக் கொடுத்தால், தவறான இடத்தில் செலுத்தினால் என்ன ஆகும் என்ற வாதமும் வந்தது. இங்கே மேல்முறையீட்டு அமைப்பு சொன்னது ஐரோப்பாவுக்குச் சாதகமானது. மதிப்பிட வேண்டிய ஆபத்து ஆய்வுக்கூடத்து ஆபத்து மட்டும் அல்ல. மனிதர்கள் வாழ்ந்து, வேலை செய்து, சாகிற உண்மையான உலகத்தில் உள்ள ஆபத்தும்தான். விதி மீறல்களையும் கணக்கில் எடுக்கலாம். ஆனால் அந்த மீறல்களை ஐரோப்பா மதிப்பிட்டுக் காட்டவில்லை. வாதமாகச் சொன்னது, ஆய்வாகச் செய்யவில்லை. அதனால் தோற்றது.

நீங்கள் ஒரு மதிப்பீட்டைப் படிக்கும்போது ஒரு தாளில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள். முதலாவதில் தடையிலுள்ள பொருளும் அது உடலுக்குள் போகும் வழியும். இரண்டாவதில் ஆய்வு எந்தப் பொருளை, எந்த வழியில், எந்த அளவில் சோதித்தது என்பது. மூன்றாவதில் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி. முதல் இரண்டும் பொருந்தாவிட்டால் ஆய்வு எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் வழக்குக்கு உதவாது. 1998 தீர்ப்பின் 199, 200-ஆம் பத்திகளை இந்த மூன்று நெடுவரிசைத் தாளோடு படித்தால் நான் சொல்வது தெளிவாகும்.

பெரும்பான்மைக் கருத்து வேண்டுமா?

வேண்டாம். இதைத் தெளிவாகச் சொன்னதும் அதே 1998 தீர்ப்புதான். பெரும்பாலான அறிவியலாளர்கள் ஒரு பக்கம் இருக்க, தகுதியும் மதிப்பும் உள்ள சிறுபான்மையினர் வேறு கருத்துச் சொன்னால், ஓர் அரசு நல்லெண்ணத்தோடு அந்தச் சிறுபான்மைக் கருத்தை ஏற்று நடக்கலாம். உயிருக்கே ஆபத்து என்னும் விஷயங்களில் இது இன்னும் பொருந்தும்.

ஆனால் அந்தச் சிறுபான்மைக் கருத்தின் அடியில் ஆய்வு இருக்க வேண்டும். அந்த வழக்கில் நடுவர் குழு அழைத்த வல்லுநர்களில் ஒருவர், பத்து லட்சம் பெண்களில் ஒருவருக்கு இந்த இறைச்சியால் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்ற பொருளில் ஒரு கணக்கைச் சொன்னார். ஐரோப்பா அதைப் பிடித்துக்கொண்டது. அந்த எண், வளர்ச்சிக்காகக் கொடுத்த ஹார்மோனின் எச்சத்தை அவர் தாமே ஆராய்ந்து கண்டதல்ல என்பதால் மேல்முறையீட்டு அமைப்பு அதைப் போதுமானதாக ஏற்கவில்லை. சொன்னவர் ஒருவர்தான் என்பது குறை அல்ல. சொன்னதற்கு அடியில் அதற்கென்று செய்த ஆய்வு இல்லாததுதான் குறை.

நான்கு கேள்விகள்

தோற்ற பிறகும் ஐரோப்பா தடையை எடுக்கவில்லை. அமெரிக்கா 1999 ஜூலையில் ஆண்டுக்கு 11.68 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்கள் மீது பதிலடி வரி போட்டது, கனடாவும் போட்டது. ஐரோப்பா 17 புதிய ஆய்வுகளுக்கு ஏற்பாடு செய்தது. தன் அறிவியல் குழுவிடம் 1999, 2000, 2002 ஆகிய ஆண்டுகளில் கருத்து வாங்கியது. 2003-இல் புதிய ஆணை பிறப்பித்து, எஸ்ட்ராடியாலுக்கு நிரந்தரத் தடை, மற்ற ஐந்துக்கும் தற்காலிகத் தடை என்று பிரித்தது. பிறகு, "நாங்கள் குறையைச் சரிசெய்துவிட்டோம், பதிலடி வரியை எடுங்கள்" என்று தானே வழக்குப் போட்டது.

நடுவர் குழு வல்லுநர்களை அழைத்தது. எஸ்ட்ராடியால் பற்றிய மதிப்பீட்டை அவர்களில் பெரும்பாலோர் ஏற்கிறார்களா, யாருடைய விளக்கம் விரிவாகவும் நுணுக்கமாகவும் இருக்கிறது என்று பார்த்து, ஐரோப்பாவின் மதிப்பீடு போதாது என்று முடிவெடுத்தது. கேட்கும்போது நியாயமாகவே தோன்றும். மேல்முறையீட்டு அமைப்பு 2008 அக்டோபரில் இதைப் பிழை என்றது. தனக்குப் பிடித்த வல்லுநரைத் தேர்ந்தெடுத்தால் நடுவர் குழு தானே இடர் மதிப்பீடு செய்ததாகிவிடும். அது அதன் வேலை அல்ல. அதன் வேலை நான்கு கேள்விகளைக் கேட்பது:

1. தடை எந்த அறிவியல் அடிப்படையில் நிற்கிறது?
2. அந்த அறிவியல் தகுதியும் மதிப்பும் உள்ள இடத்திலிருந்து, முறைப்படி செய்யப்பட்டு வந்திருக்கிறதா? பெரும்பான்மைக் கருத்தாக இருக்க வேண்டியதில்லை. அந்தத் துறையினர் முறையான அறிவியல் என்று ஏற்கத்தக்கதாக இருந்தால் போதும்.
3. அந்தச் சான்றிலிருந்து முடிவுக்குப் போன வாதம் புறநிலையாகவும் முன்பின் முரணில்லாமலும் இருக்கிறதா?
4. மதிப்பீட்டின் முடிவு இந்தத் தடையைத் தாங்குமா?

வல்லுநரிடம் கேட்க வேண்டியதும் இதனால் மாறுகிறது. "நீங்களாக இருந்தால் என்ன முடிவெடுப்பீர்கள்" என்று கேட்கக்கூடாது. "இவர்கள் எடுத்த முடிவுக்கு இந்தச் சான்று ஆதரவு தருமா" என்றுதான் கேட்க வேண்டும். வழக்கறிஞர்கள் தயாரிக்கும் கேள்விப் பட்டியல்களில் முதல் வகைக் கேள்விகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கவலையாக இருக்கும், ஏனென்றால் அதற்கு வரும் பதில் எவ்வளவு சாதகமாக இருந்தாலும் மேல்முறையீட்டில் அது சுமையாகிவிடும்.

இரண்டாவது கேள்வியும் மூன்றாவதும் எளிதில் குழம்பும். நல்ல ஆய்விலிருந்தும் தவறான முடிவுக்குத் தாவ முடியும். எலிகளில் அதிக அளவில் கண்ட விளைவை மிகக் குறைந்த அளவு எச்சத்துக்கு நீட்டினால், அந்த நீட்டிப்புக்கான காரணம் எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதியிருந்தால், அதை நீங்கள் ஏற்காவிட்டாலும், மூன்றாவது கேள்வியைத் தாண்ட வாய்ப்புண்டு. எழுதாமல் "ஆகவே" என்று மட்டும் போட்டிருந்தால் வழுக்கும் இடம் அதுதான்.

அதே வழக்கில் இன்னொரு பிழையும் வெளிவந்தது. அழைக்கப்பட்ட வல்லுநர்களில் இருவர், இதே ஹார்மோன்களை ஜெக்ஃபாவில் மதிப்பிட்ட வேலையில் பங்கெடுத்தவர்கள். ஐரோப்பாவின் ஆவணங்களோ ஜெக்ஃபாவின் முடிவோடு மோதுபவை. தாம் சேர்ந்து எழுதிய முடிவைக் குறைசொல்லும் அறிக்கையை அவர்களே எடைபோடுவது முறையல்ல என்றது மேல்முறையீட்டு அமைப்பு. வல்லுநர் பட்டியல் வந்த அன்றே அவர்களின் பழைய குழுப் பொறுப்புகளைத் தேடிப் பார்ப்பதும், ஆட்சேபம் இருந்தால் உடனே எழுத்தில் கொடுப்பதும் இதனால்தான் அவசியம்.

சான்று போதவில்லை என்றால்

5.7 பிரிவு தற்காலிகத் தடைக்கு இடம் தருகிறது. நான்கு நிபந்தனைகள்: அறிவியல் சான்று போதாமல் இருக்க வேண்டும், கையில் உள்ள தகவலின் அடிப்படையில் தடை போட வேண்டும், மேற்கொண்டு தகவல் திரட்ட முயல வேண்டும், நியாயமான காலத்துக்குள் மறுபரிசீலனை செய்ய வேண்டும். நான்கும் சேர்ந்து நிறைவேற வேண்டும். மூன்று இருந்து ஒன்று இல்லாவிட்டால் பிரிவு உதவாது.

முதல் நிபந்தனையில்தான் பெரும்பாலான தடைகள் விழுகின்றன. "போதாமை" என்றால் "நிச்சயமின்மை" அல்ல. ஆப்பிள் இறக்குமதி பற்றிய ஜப்பான் வழக்கில், 2003-இல், இதற்கு ஓர் அளவுகோல் கிடைத்தது: கையில் உள்ள சான்றை வைத்து ஓர் இடர் மதிப்பீட்டைப் போதுமான அளவில் செய்ய முடியாது என்றால்தான் சான்று போதவில்லை. ஆய்வுகள் நிறைய இருந்து அவை முரண்பட்டால், அது நிச்சயமின்மை. மதிப்பீடு செய்யலாம், செய்து 5.1-இன் கீழ் வரலாம்.

மரபணு மாற்றுப் பயிர்கள் மீதான அந்த ஒன்பது காப்பு நடவடிக்கைகள் 2006-இல் விழுந்தது இங்கேதான். அந்தப் பயிர்களை ஐரோப்பாவின் சொந்த அறிவியல் குழுக்கள் ஏற்கெனவே மதிப்பிட்டு அனுமதித்திருந்தன. மதிப்பீடு செய்யப்பட்டுவிட்டது என்றால், மதிப்பீடு செய்யச் சான்று போதவில்லை என்று எப்படிச் சொல்வது? உறுப்பு நாடுகள் கொடுத்த ஆவணங்களும் என்னென்ன நடக்கக்கூடும் என்று பட்டியலிட்டனவே தவிர, அதற்கு எவ்வளவு சாத்தியம் என்று மதிப்பிடவில்லை. அதனால் 5.1-ஐயும் எட்டவில்லை, 5.7-ஐயும் எட்டவில்லை. அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

ஐரோப்பா தற்காலிகமாகத் தடுத்த ஐந்து ஹார்மோன்களில் எம்.ஜி.ஏ. தவிர மற்ற நான்குக்கும் பழைய கோடெக்ஸ் தரமும் ஜெக்ஃபா மதிப்பீடும் இருந்தன. ஒரு காலத்தில் போதுமானதாக இருந்த சான்று பின்னர் போதாததாக மாறுமா? மாற வேண்டுமானால் பழைய அறிவின் அடித்தளத்தையே ஆட்டும் புதிய சான்று வேண்டும் என்றது நடுவர் குழு. மேல்முறையீட்டு அமைப்பு அதைக் கடுமையான அளவுகோல் என்று தள்ளியது. அடித்தளம் சரிய வேண்டியதில்லை. பழைய மதிப்பீட்டை நம்பி இனி முடிவெடுக்க முடியாது என்று காட்டும் அளவுக்குப் புதிய ஆய்வு இருந்தால் போதும். சர்வதேசத் தரம் இருப்பதாலேயே 5.7-இன் கதவு மூடிவிடாது என்றும் சொன்னது.

இவ்வளவுக்குப் பிறகும் ஐரோப்பா வென்றது என்று அறிவிக்கப்படவில்லை. மேல்முறையீட்டு அமைப்பு உண்மைகளைப் புதிதாக விசாரிக்க முடியாது. நடுவர் குழுவின் முடிவுகளைக் கவிழ்த்துவிட்டு, தடை சரியா தப்பா என்று தானே தீர்க்க வழியில்லாமல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்காவும் ஐரோப்பாவும் 2009 மே மாதத்தில் உடன்பாட்டுக்கு வந்தன. ஹார்மோன் இல்லாமல் வளர்த்த தரமான மாட்டிறைச்சி முதலில் 20,000 டன், பிறகு 45,000 டன் வரை வரியில்லாமல் வரலாம். பதிலடி வரி படிப்படியாகக் குறைய வேண்டும் என்பது அன்றைய ஏற்பாடு. தடை அப்படியே இருக்கிறது.

எதிலிருந்து படிக்கத் தொடங்குவது

docs.wto.org தளத்தில் ஆவண எண்ணைக் கொடுத்தால் தீர்ப்பு வரும். முதல் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கங்கள் தரப்புகளின் வாதச் சுருக்கத்திலேயே போய்விடும். இந்த வரிசையில் போங்கள்:

- `WT/DS26/AB/R` (1998): பத்தி 187, 194, 199, 200
- `WT/DS245/AB/R` (2003): பத்தி 179
- `WT/DS320/AB/R` (2008): பத்தி 590, 591

2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கைக் கேட்கப் போதிய உறுப்பினர்கள் இல்லை. ஆயினும் நடுவர் குழுக்கள் எடுத்தாள்வது இந்தப் பத்திகளைத்தான். 591-ஆம் பத்தியைத் திறந்து, மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஓரத்தில் எண்ணிட்டுக் குறித்துக்கொண்டு, உங்கள் கையில் உள்ள இடர் மதிப்பீட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் எந்த எண்ணுக்குப் பதில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே வாருங்கள். பெரும்பாலும் மூன்றாம் எண்தான் வெறுமையாக நிற்கும்.